சட்னிக்கும் மசாலாவுக்கும் மிக்சி வாங்கும்போது ஜாரில் இருந்து தொடங்குங்கள்

மிக்சி வாங்கக் கடைக்குப் போனால் விற்பவர் முதலில் சொல்வது வாட்ஸ். ஐந்நூறா, எழுநூற்று ஐம்பதா, ஆயிரமா என்று அந்த எண்ணை வைத்தே விலையும் ஏறும். ஆனால் காலையில் இட்லிக்குச் சட்னி, மதியம் குழம்புக்கு மசாலா என்று அரைக்கும் வீட்டுக்கு அந்த எண் இரண்டாம்பட்சம்தான். சட்னி நைசாக வருமா, பொட்டுக்கடலை அரைபடாமல் அடியில் நிற்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது ஜார். அந்த ஜாரில் நீங்கள் போடும் கெட்டியான பொருளை வேகம் குறையாமல் சுற்ற மோட்டாருக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது அடுத்தது. அந்தப் பலத்துக்கு மேல் போனால் மோட்டாரைக் காப்பாற்றுவது ஓவர்லோடு பட்டன். இந்த வரிசையிலேயே யோசித்தால் எந்த மிக்சி நமக்குச் சரி என்பது சுலபமாகப் புரியும்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் ஒரு மூடித் தேங்காய்த் துருவல், இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, இரண்டு மூன்று பச்சை மிளகாய், துண்டு இஞ்சி, உப்பு, கால் கப் தண்ணீர். அரைத்து முடித்தால் ஏறக்குறைய கால் லிட்டர் சட்னி. மதியம் குழம்புக்கு மூன்று நான்கு கரண்டி தேங்காய், கொஞ்சம் சோம்பு, சின்ன வெங்காயம், வறுத்த மல்லி. அது இன்னும் குறைவு, நூறு நூற்றைம்பது மில்லி இருக்கும். அவ்வப்போது கொஞ்சம் சாம்பார்ப் பொடி. இந்த வீட்டில் தினமும் மேடையில் நிற்கப்போவது பெட்டியில் வரும் ஜார்களிலேயே மிகச் சின்னதுதான். அப்படியானால் கடையில் அதிக நேரம் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

ஜாருக்குள் என்ன நடக்கிறது

வழக்கமாக மூன்று ஜார் கொடுப்பார்கள். ஒன்றரை லிட்டர் அளவில் பெரியது ஒன்று, ஒரு லிட்டரை ஒட்டி நடுத்தரம் ஒன்று, முந்நூறு நானூறு மில்லியில் சட்னி ஜார் ஒன்று. மேலே சொன்ன கால் லிட்டர் சட்னியைப் பெரிய ஜாரில் போட்டுப் பாருங்கள். ஜார் அகலமானது, பொருளோ கொஞ்சம். பிளேடு மூழ்கியும் மூழ்காமலும் இருக்கும். முதல் சுற்றிலேயே துருவல் முழுவதும் தெறித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறும் காற்றில் சுற்றும். மூடியைத் திறந்து கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஓட்டினாலும் இதே கதைதான். மிக்சிக்குப் பலம் இல்லை என்று நினைப்போம். உண்மையில் பொருள் பிளேடுக்கே வந்து சேரவில்லை.

அரைபடுவதற்குப் பொருள் ஒரு சுழற்சியில் வர வேண்டும். பிளேடு அதை வெளிப்பக்கம் தள்ளும். சுவரில் மோதி மேலே ஏறும். பிறகு நடுவில் உண்டாகும் குழி வழியாக மறுபடி பிளேடின் மேல் விழ வேண்டும். இந்தச் சுற்று ஓயாமல் நடந்தால் ஒரு நிமிடத்துக்குள் சட்னி தயார். எங்காவது அறுந்தால் எத்தனை வாட்ஸ் இருந்தும் பயனில்லை.

ஜாரின் உட்சுவரில் மேலிருந்து கீழாகப் புடைத்து நிற்கும் கோடுகள் எதற்கு என்று இப்போது புரியும். அவை இல்லாவிட்டால் தண்ணீரும் தேங்காயும் சேர்ந்து ஒரே திரளாகப் பிளேடோடு கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். பிளேடும் பொருளும் ஒன்றாகச் சுற்றினால் வெட்டு எங்கே விழும்? அந்தப் புடைப்பில் மோதும்போதுதான் திரள் தடைபட்டு உடைந்து நடுவுக்குத் திரும்புகிறது. சட்னி ஜாரிலும் இந்தப் புடைப்பு தெளிவாக, கை வைத்தால் தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். சில ஜார்களில் அலங்காரக் கோடு மாதிரி லேசாக இருக்கும். அதனால் பெரிய பயன் இல்லை.

அடுத்து ஜாரின் அடிப்பாகம். சுவரும் அடியும் சேரும் இடம் கூர்மையான மூலையாக இருந்தால் கெட்டி மசாலா அங்கே போய் அமர்ந்துகொள்ளும், பிளேடு அதைத் தொடவே தொடாது. வளைவாக இறங்கினால் பொருள் தானாக நடுவுக்குச் சரியும். கழுவும்போதும் இந்த வளைவின் அருமை தெரியும்.

பிளேடுக்கும் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பலர் பார்ப்பதே இல்லை. எனக்கு ஜாரில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். சட்னி ஜாரின் பிளேடு குட்டையாக, அடியை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு பொட்டுக்கடலை முழுதாகப் புகுந்து உட்காரும் அளவுக்கு இடைவெளி இருந்தால், அரைத்து முடித்துக் கரண்டியால் வழிக்கும்போது நாலைந்து கடலை அப்படியே அடியில் கிடக்கும். இறக்கைகளில் சில மேல்நோக்கியும் சில கீழ்நோக்கியும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே வளைந்தவை அடியில் தங்குவதைக் கிளப்பிவிடும், மேலே வளைந்தவை இறங்கிவரும் பொருளை வெட்டும். உலர்ந்த பொடிக்கான ஜாரில் பிளேடு அமைப்பு வேறாக இருக்கலாம். அது குறை இல்லை, வேலை வேறு.

ஜாரில் எழுதியிருக்கும் கொள்ளளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நானூறு மில்லி என்றால் பெரும்பாலும் அது விளிம்புவரை நிரம்பினால் உள்ள அளவு. பொருள் மேலேறிச் சுழல இடம் வேண்டும் அல்லவா? பாதியில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் உண்மையில் அரைக்க முடியும். நம்முடைய கால் லிட்டர் சட்னிக்கு நானூறு மில்லி ஜார் சரியாகப் பொருந்துகிறது. முந்நூறு மில்லி ஜாரில் அதையே போட்டால் மூடி வழியாகக் கசியும், இரண்டு தடவையாக அரைக்க வேண்டி வரும். அதே சமயம் மதியக் குழம்பு மசாலாவுக்கு நானூறு மில்லி ஜாரிலும் பிளேடு தாழ்வாக இருந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் முந்நூறே போதும். ஏழெட்டுப் பேர் என்றால் சட்னியே நடுத்தர ஜாருக்குப் போய்விடும், அப்போது மேலே சொன்ன சோதனைகளை அந்த ஜாரில் செய்யுங்கள்.

வாட்ஸ் எதைச் சொல்கிறது

வாட்ஸ் என்பது மோட்டார் மின்சாரத்தில் இருந்து எடுத்துக்கொள்ளும் சக்தியின் அளவு. பிளேடு எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று அது சொல்வதில்லை. பொருள் எதுவும் இல்லாமல் ஓடும்போது ஐந்நூறு வாட்ஸ் மிக்சியும் எழுநூற்று ஐம்பதும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 முதல் 20,000 சுற்று வரைதான் போகும். வித்தியாசம் தெரிவது சுமை ஏறும்போது. கெட்டியான மசாலா பிளேடைப் பிடித்து இழுக்கிறது. சின்ன மோட்டார் வேகம் குறைந்து முனகும், பெரிய மோட்டார் வேகத்தை ஓரளவு விடாமல் பிடித்திருக்கும். அதிக வாட்ஸுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

அப்படியென்றால் உங்கள் வீட்டுச் சுமை எவ்வளவு? சட்னி ஜாரின் பிளேடு குட்டை, பொருளும் கொஞ்சம், தண்ணீரும் சேர்கிறது. இதற்கு ஐந்நூறு வாட்ஸ் தாராளம். சட்னி, சின்ன மசாலா, எப்போதாவது பொடி என்று நிறுத்திக்கொள்பவர்கள் நல்ல ஜார் உள்ள ஐந்நூறு, ஐந்நூற்று ஐம்பது வாட்ஸ் மிக்சியை நம்பி வாங்கலாம். நடுத்தர ஜாரை அடிக்கடி நிரப்பி அரைப்பவர்கள், தண்ணீர் குறைவாக விட்டு வடைக்குப் பருப்பு அரைப்பவர்கள், மிளகாயும் மல்லியும் கால் கிலோ கணக்கில் பொடிப்பவர்கள் எழுநூற்று ஐம்பதுக்குப் போவது நல்லது. மாலையில் மின்னழுத்தம் குறையும் ஊர்களிலும் அப்படித்தான். அழுத்தம் குறைந்தால் எந்த மோட்டாரின் பலமும் குறையும், கொஞ்சம் கூடுதல் பலம் கையில் இருந்தால் சமாளிக்கும்.

ஆயிரம் வாட்ஸ் சட்னிக்குத் தேவை இல்லை என்பது என் கருத்து. சின்ன ஜாரில் அதன் கூடுதல் பலத்துக்கு வேலையே கிடைக்காது. சத்தம் அதிகம் இருக்கலாம், அடிப்பாகமும் கனம். சின்ன ஜாரில் ஏதாவது சிக்கிப் பிளேடு நின்றுபோனால், பெரிய மோட்டார் எளிதில் விட்டுக்கொடுக்காது. ஓவர்லோடு பட்டன் விழுந்து மிக்சி நிற்பதற்கு முன்னால், மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பற்கள் தேய்ந்துபோகும் வாய்ப்பு உண்டு.

கரண்ட் பில் பற்றிக் கவலைப்பட்டு வாட்ஸைக் குறைக்கவும் வேண்டாம். எழுநூற்று ஐம்பது வாட்ஸ் மிக்சி முழுச் சுமையில் தினமும் 4 நிமிடம் ஓடினால் 0.05 யூனிட். ஒரு யூனிட் ஆக 20 நாள் வேண்டும்.

குமிழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கெட்டியான பொருளை ஒன்றாம் எண்ணிலேயே மெதுவாக ஓட்டினால் மோட்டாருக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி அதே தண்டில்தான் இருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைவு. சுமை அதிகம், காற்று குறைவு என்றால் சூடு ஏறத்தான் செய்யும். ஒன்றில் தொடங்கி, பொருள் உடைந்ததும் இரண்டு, மூன்று என்று ஏற்றுங்கள். முழுத் தேங்காய்த் துண்டு, காய்ந்த மிளகாய் போன்றவற்றுக்குக் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி, விட்டு விட்டு நாலைந்து தடவை அடித்துவிட்டு ஓட்டினால் இன்னும் நல்லது.

மிக்சியின் சத்தத்தைக் கேட்கப் பழகினால் உள்ளே நடப்பது வெளியிலேயே தெரியும். சத்தம் திடீரென்று மேலேறி விர்ரென்று கேட்டால் பிளேடைச் சுற்றிக் காற்றுக் குழி விழுந்துவிட்டது, பொருள் கீழே வரவில்லை என்று அர்த்தம். நிறுத்தி, வழித்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டால் சுழற்சி மறுபடி தொடங்கும். சத்தம் தாழ்ந்து அடித்தொண்டையில் முனகினால் சுமை தாங்கவில்லை. அப்போது உடனே நிறுத்தி, பாதியை எடுத்துவிட வேண்டும். அந்த முனகலோடு தொடர்ந்து ஓட்டினால் அடுத்து நடப்பது ஓவர்லோடு விழுவதுதான்.

ஓவர்லோடு பட்டன் விழுந்தால்

மிக்சியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு அல்லது கறுப்பு. சில மாடல்களில் பக்கவாட்டில் இருக்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் இதன் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகடு வழியாகத்தான் போகிறது. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு அது. சூடானால் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரியும், அதனால் தகடு வளையும். ஓர் அளவுக்கு மேல் வளைந்ததும் தொடர்பு விட்டுப்போய் மிக்சி நின்றுவிடும், பட்டன் வெளியே துருத்திக்கொள்ளும்.

ஐந்நூறு வாட்ஸ் மிக்சி 230 வோல்ட்டில் முழுச் சுமையோடு ஓடும்போது எடுத்துக்கொள்வது சுமார் 2.2 ஆம்பியர். பிளேடு சிக்கி நின்றால் இது பல மடங்கு ஏறிவிடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானாலே கம்பியில் உண்டாகும் சூடு நான்கு மடங்கு. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறது. அது கருகினால் கம்பியோடு கம்பி தொட்டு மோட்டார் போயே போய்விடும். இதைத் தடுக்கத்தான் தகடு முந்திக்கொண்டு வளைகிறது. அதனால் மிக்சி நின்றால் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம்.

நின்றுவிட்டதா? சரி, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள், பிளக்கை எடுத்துவிடுங்கள். பூஜ்யத்துக்கு வராமல் பட்டனை அழுத்தினால் சட்டென்று ஓடத் தொடங்கிவிடும், கை ஜாருக்குள் இருந்தால் ஆபத்து. பிறகு ஜாரை எடுத்து அடியில் உள்ள கப்ளரை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் உள்ளே இருந்த பொருள்தான் அதிகம். பாதியை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். சுற்றாமல் பிடித்தால் மஞ்சள் துண்டோ தேங்காய் ஓடோ பிளேடுக்கு அடியில் மாட்டியிருக்கலாம். ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பட்டனை அழுத்தினால் க்ளிக் என்று உள்ளே போகும். உள்ளே நிற்காமல் திரும்பி வந்தால் தகடு இன்னும் ஆறவில்லை.

இங்கே காத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தகடு மெல்லியது, சீக்கிரம் ஆறிவிடும். மோட்டார் கனமானது, அதன் உட்சூடு இறங்க நேரமாகும். பட்டன் உள்ளே போகிறதே என்று உடனே ஓட்டி, விழுந்ததும் மறுபடி அழுத்தி, இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் ஒவ்வொரு தடவையும் மோட்டாரின் சூடு மேலும் ஏறும். பாதுகாப்பு இருந்தும் மிக்சி எரிந்துபோவது இப்படித்தான். அடிப்பாகத்தை வெளியில் தொட்டாலே சூடாக இருந்தால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

பல மிக்சிகளின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 30 நிமிடம் என்று எழுதியிருக்கும். ஒரே மூச்சில் அரை மணி ஓட்டலாம் என்று அதைப் படிக்கக் கூடாது. 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தி, இப்படி விட்டு விட்டு ஓட்ட வேண்டும் என்று கூடவே வரும் குறிப்பில் இருக்கும். சட்னிக்கு இது பிரச்சினையே இல்லை. சாம்பார்ப் பொடி அரைக்கும் நாளில்தான் இது நினைவில் இருக்க வேண்டும். மிளகாய், மல்லியை வறுத்து நன்றாக ஆறவைத்து, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று தடவையாக அரைத்தால் ஓவர்லோடு விழவே விழாது. மஞ்சளை இடித்துச் சிறு துண்டாக்காமல் போடாதீர்கள், கல் மாதிரி பிளேடை நிறுத்திவிடும். தக்காளி, வெங்காயச் சட்னிக்கு வதக்கியதையும் ஆறவைத்தே போட வேண்டும். சூடாகப் போட்டால் ஆவி மூடியைத் தூக்கிவிடும், முகத்தில் தெறிக்கும்.

எந்தப் பொருளும் இல்லாத ஜாரோடு ஓட்டியும் ஓவர்லோடு விழுகிறது என்றால் காரணம் வேறு. ஜாரைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்தை மட்டும் சில நொடி ஓட்டிப் பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால் அந்த ஜாரின் புஷ் இறுகிவிட்டது. பிளேடின் தண்டு சுற்றுவதற்கு இடம் கொடுக்கும் உருளைதான் புஷ். தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்கிக் காய்ந்தால் அது இறுகும். தேய்ந்தால் தண்டு பக்கவாட்டில் ஆடும், ஜார் அடியில் கறுப்பாக ஒரு நீர் கசியும். அந்த ஜாரில் சட்னி அரைப்பதை அன்றே நிறுத்திவிட்டு புஷ்ஷை மாற்றுங்கள். ஜார் இல்லாமலும் விழுகிறது, அல்லது காற்றுத் துளை வழியாக வட்டமாகப் பெரிய பொறி தெரிகிறது என்றால் மோட்டாரில்தான் கோளாறு, மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியதுதான். புது மிக்சியில் முதல் சில நாள் லேசாக வார்னிஷ் வாடை வருவது மட்டும் இயல்பு.

கடையில்

பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சட்னி ஜாரை முதலில் கையில் வாங்குங்கள். உட்சுவரின் புடைப்பையும் அடியின் வளைவையும் பாருங்கள். பிளேடின் இடைவெளியை மேலிருந்து பார்த்தாலே போதும், விரலை உள்ளே விட வேண்டாம். ஜாரைக் கவிழ்த்துக் கப்ளரைச் சுற்றுங்கள். உரசும் சத்தம் இல்லாமல், சீராகச் சுற்ற வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. மூடியின் வாஷரை எடுத்து மறுபடி மாட்டிப் பாருங்கள், தினமும் கழுவப்போகும் பொருள் அது. பிறகு ஜாரில் பாதி தண்ணீர் ஊற்றி மூன்றாம் எண்ணில் ஓட்டச் சொல்லுங்கள். ஜாரைத் தூக்கினால் அடி உலர்ந்திருக்க வேண்டும், கைப்பிடி அதிரக் கூடாது.

அடிப்பாகத்தைத் திருப்பினால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4250 என்ற எண்ணும் இருக்கிறதா, ஓவர்லோடு பட்டன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மிக்சியை முழுதாகக் கவிழ்க்காமல் கை எட்டும் இடத்தில் பட்டன் இருந்தால் வசதி. கடைசியாக, அந்த மாடலின் கப்ளர், வாஷர், சட்னி ஜார் மூன்றும் தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். மோட்டாருக்கு முன்னால் தேயப்போவது இந்த மூன்றும்தான். கிடைக்காது என்றால் அடுத்த மாடலைப் பாருங்கள்.